விளிம்பிலிருந்து முதிரும் எலும்பு: தசை எலும்பாக்கமும் ஆக்கர்மனின் வாசிப்பும்

ஆழ்ந்த ஊமைக்காயத்துக்குப் பின் தசைக்குள் எலும்பு உருவாகும் நிலை மருத்துவ நூல்களில் மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் எனப்படுகிறது. இதனைச் சார்கோமா என்னும் இணைப்புத்திசுப் புற்றிலிருந்து பிரித்தறிவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1958இல் லாரன் ஆக்கர்மன் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞரான அவர், இக்கட்டியை நுண்ணோக்கியில் பார்க்கும்போது அது மூன்று வலயங்களாகப் பிரிந்து தோன்றுவதை விரிவாக எடுத்துக்காட்டினார். நடுவில் விரைந்து பிளவுறும் முதிராச் செல்கள் செறிந்திருக்கும். அதைச் சுற்றிச் சுண்ணம் ஏறாத முன்எலும்பாகிய ஆஸ்டியாய்டு ஒழுங்குபடத் தொடங்கியிருக்கும். வெளிவிளிம்பில் முறையாக அமைந்த எலும்பு காணப்படும். இந்த வலய அமைப்பே தீங்கற்ற கட்டியின் அடையாளம் என்ற முடிவு பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. அம்முடிவு சரியானதே. ஆயினும் அது எப்போது சரியானது என்ற கேள்வி, அறுத்தெடுத்த கட்டியை மட்டும் வைத்து எழுப்பக்கூடியதன்று.

ஆக்கர்மனின் கட்டுரைக்கு ஒரு முன்கதை உண்டு. 1942இல் பேக், பிரவுண்டு ஆகிய இருவரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், தசை எலும்பாக்கத்திலிருந்து சார்கோமா தோன்றுகிறது என்று வாதிட்டனர். 1948இல் ஜான்சன் இக்கட்டியின் திசுத்தோற்றம் பற்றி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். தீங்கற்றது தீயதாக மாறியது என்று எழுதப்பட்ட பழைய நோயாளர் வரலாறுகளுள் பல, தொடக்கத்திலேயே சார்கோமாவாக இருந்து பிழையாகப் பெயரிடப்பட்டவை என ஐயுறுவதற்கு இடமுண்டு. தீங்கற்ற கட்டியைப் புற்றெனக் கருதி உறுப்பை நீக்கிய எதிர்ப்பிழையும் நேர்ந்திருக்கிறது. இவ்விரு பிழைகளுக்கும் நடுவே ஒரு வரம்பை நாட்டியதே ஆக்கர்மனின் பெரும்பணி. அவர் வாசிப்போடு மாறுபடுவோரும் இதை மறுப்பதற்கில்லை.

மாறுபாடு வேறோர் இடத்தில் எழுகிறது. ஆக்கர்மனின் சான்றுகள் அறுத்தெடுக்கப்பட்ட திசுக்கள். ஒவ்வொன்றும் ஒரு கணத்தில் நிறுத்தப்பட்ட நிலை. ஒரே கட்டியை இரண்டாம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் வெட்டிப் பார்க்க யாராலும் இயலாது. ஆகவே காலத்தில் நிகழும் முதிர்ச்சி அவருடைய கண்ணாடித் தகட்டில் இடத்தில் அமைந்த வலயமாகத் தெரிந்தது. கட்டி முதிர்வது என்பதை அவர் அறியாதவர் அல்லர். எனினும் தீர்மானிக்கும் எடையை அவர் வைத்தது வலயத்தின் மீதே. அவருக்குப் பின் வந்த பாடநூல்கள் அந்த வலயத்தைக் கட்டியின் பிறவிக்குணம்போல எழுதத் தொடங்கின. உண்மையில் முதல் இரண்டு மூன்று வாரங்களில் வலயம் இருப்பதில்லை, இருந்தாலும் தெளிவாக இருப்பதில்லை. வலி மிகுந்து, கட்டி விரைந்து பெருத்து, மருத்துவர் அஞ்சி ஊசியைக் கையிலெடுக்கும் காலமும் அதுவே. அப்போது நடுப்பகுதியிலிருந்து மட்டும் ஒரு துணுக்கை எடுத்தால், நுண்ணோக்கியில் தெரிவது செறிந்த செல்களும் ஏராளமான செல் பிளவுகளும் ஒழுங்கற்ற முன்எலும்பும்தான். எலும்புச் சார்கோமாவை மிகவும் ஒத்த தோற்றம் அது. செல்கருக்களின் வடிவம் பெரிதும் சிதையாதிருப்பதும் பிறழ்ந்த செல் பிளவுகள் காணப்படாததும் தேர்ந்த கண்ணுக்குத் தடயங்களே என்றாலும், சிறு துணுக்கில் அவற்றை மட்டும் நம்பி முடிவெடுப்பது கடினம். மெய்யான வலயத்தைக் காணவேண்டுமாயின் விளிம்பிலிருந்து நடுவரை தொடர்ச்சியாகத் திசு கிடைக்கவேண்டும்.

வலயத்தைக் கத்தியின்றிக் காணும் வழியைப் படிமவியல் படிப்படியாகத் திறந்தது. 1970இல் நார்மன், டார்ஃப்மன் இருவரும் எலும்பை ஒட்டி அமையும் வகையின் எக்ஸ்ரே மாற்றங்களைக் கால வரிசையில் வகுத்தனர். 1983இல் அமென்டோலாவும் அவர் குழுவினரும் சி.டி. ஸ்கேனில் விளிம்பு வளையம் தெளிவாகத் தெரிவதைக் காட்டினர்; 1991இல் கிரான்ஸ்டார்ஃப், மைஸ், ஜெலினெக் ஆகியோர் எம்.ஆர்.ஐ. படங்களைத் திசுச்சோதனையோடு ஒப்பிட்டனர். இவ்வரிசையை ஆக்கர்மனின் வலயத்துக்குக் கிடைத்த உறுதிப்பாடு என்றே பலர் வாசிக்கின்றனர். அதைவிட, வலயத்தை மீண்டும் காலத்துக்குள் வைத்த முயற்சியாக வாசிப்பதே பொருந்தும். ஏனெனில் ஒரே கட்டியைப் பலமுறை பார்க்க முடிந்தது இங்குதான்.

நூல்களில் காணப்படும் வழக்கமான போக்கைக் கோத்து ஒரு மாதிரி நிகழ்வை அமைத்துப் பார்க்கலாம். கால்பந்தாட்டத்தில் எதிராளியின் முழங்கால் பதினேழு வயது இளைஞனின் முன்தொடையில் மோதுகிறது. தொடை எலும்பை ஒட்டிய உள்தசை நசுங்கி உள்ளே இரத்தம் கட்டுகிறது. மறுநாள் முழங்காலை 45 பாகைகூட மடக்க முடியவில்லை. வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரி மாணவரை ஆராய்ந்து 1973இல் ஜாக்சனும் ஃபீகினும் வகுத்த அளவின்படி இது கடுமையான காயம். இரண்டாம் வாரத்தில் வீக்கம் வடிவதற்கு மாறாகத் தொடையில் வெம்மையும் கடினமும் உள்ள ஒரு திரட்சி தென்படுகிறது. எக்ஸ்ரேயில் மென்திசு வீக்கம் தவிர வேறொன்றுமில்லை. நீர்த்தன்மையை வெண்மையாகக் காட்டும் டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி ஒளிர்கிறது; அதைவிட அதைச் சூழ்ந்த தசை பரந்த அளவில் நீர் கோத்து ஒளிர்கிறது. செலுத்தப்பட்ட சாயத்தைக் கட்டியின் விளிம்பு ஏற்றுக்கொள்கிறது. முன்விவரம் இல்லாமல் இப்படத்தைப் பார்க்கும் எவரும் சார்கோமாவை எண்ணாமல் இருக்க முடியாது.

இந்த இரண்டாம் வாரப் படமே ஊன்றிப் பார்க்கத்தக்கது, ஆக்கர்மனின் அளவுகோல் இங்கே வாய் திறப்பதில்லை என்பதால். சுண்ணமும் வளையமும் இல்லாத இப்படங்களுள் சிலவற்றில், கட்டியின் ஒளிர்வுக்குள்ளேயே மெல்லிய கருங்கோடுகள் இணையாக ஓடுகின்றன. குறுக்கே பார்த்தால் அவை கட்டமிட்ட வலைபோலத் தோன்றுகின்றன. இவை அழியாமல் எஞ்சிய தசைநார்க் கற்றைகள் என்று விளக்கப்படுகின்றன. காயத்தின் நீரும் புதுச்செல்களும் நார்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன, ஆனால் அழிப்பதில்லை. சார்கோமாவோ பொதுவாகத் தான் வளரும் இடத்துத் தசையைத் தள்ளியும் அழித்தும் திரள்கிறது. இதற்கான ஆதாரம் சிறு எண்ணிக்கையிலான நோயாளர் தொகுப்புகளே என்பதும், தசைக்குள் ஊடுருவும் சில புற்றுகளிலும் நார்கள் சில காலம் எஞ்சலாம் என்பதும் உண்மை. அப்படியிருந்தும் இக்கோடுகளுக்கு இன்று தரப்படுவதைவிடக் கூடுதல் எடை தரவேண்டும். கட்டியின் அளவுக்கு மிஞ்சிய நீர்க்கோப்பும் அண்மைக் காயத்தின் தெளிவான தேதியும் இவற்றோடு சேர்ந்து வருமாயின், உடனே ஊசி குத்துவதைவிட இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் படமெடுப்பதே அறிவார்ந்த செயல்.

அந்த மீள்படத்தில்தான் வழக்கு பெரும்பாலும் தீர்கிறது. மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் எக்ஸ்ரேயில் மங்கலான சுண்ணத் துகள்கள் தோன்றுகின்றன; அருகிலுள்ள தொடை எலும்பின் உறையும் தடிப்பதுண்டு, அதுவும் புற்றின் அச்சத்தைத் தூண்டும். விளிம்புச் சுண்ணத்தை அல்ட்ராசவுண்டு எக்ஸ்ரேக்கு முன்பே காட்டக்கூடும். நான்கு முதல் ஆறு வாரங்களில் சி.டி.யில் வளையம் தெளிவடைகிறது. ஆறு முதல் எட்டு வாரங்களில் எக்ஸ்ரேயிலேயே முட்டையோடு போன்ற விளிம்பும் வெறுமையான நடுவும் புலப்படுகின்றன. ஐந்தாறு மாதங்களில் கட்டி சுருங்கி, எம்.ஆர்.ஐ.யில் சுற்றிலும் கருவளையமும் உள்ளே கொழுப்பு மச்சையின் ஒளியும் கொண்ட முதிர்ந்த எலும்பாகிறது.

இக்கால எல்லைகள் நூலுக்கு நூல் மாறுகின்றன, அவற்றை ஒரே அட்டவணையாக இறுக்குவது பொருத்தமன்று. எண்ணிக்கை காயத்தின் நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த நாளோ பல நோயாளரிடம் உறுதியாக இல்லை, சிலரிடம் காயமே நினைவில் இல்லை. வெஸ்ட் பாயிண்டிலிருந்து 1991இல் வந்த மறு ஆய்வில் தொடைக்காயம் பட்ட 117 பேருள் ஏறக்குறைய 9 விழுக்காட்டினருக்கே எலும்பாக்கம் உண்டானது. முன்பே காயம்பட்ட தொடையும் மூன்று நாளுக்கு மேல் தாமதித்த சிகிச்சையும் அபாயக் கூறுகளாகக் குறிக்கப்பட்டன. நம் நாட்டில் அடிபட்ட முழங்கையையும் தொடையையும் எண்ணெயிட்டு அழுத்தி நீவும் பழக்கம் பரவலாக உள்ளது. இது எலும்பாக்கத்தைத் தூண்டும் என்று இந்திய எலும்பியல் பாடநூல்கள் எச்சரிக்கின்றன. ஒவ்வொரு நீவுதலும் ஒரு புதுக்காயமாகுமெனில், கட்டிக்கு ஒரே பிறந்தநாள் இராது. ஒரு பகுதி முதிர்ந்தும் இன்னொரு பகுதி இளமையாகவும் இருக்கக்கூடும். இது ஊகமே, ஆயினும் நாள் கணக்குக்குப் பொருந்தாத படத்தை உடனே புற்றென்று கொள்ளாமலிருக்க இவ்வூகம் போதிய காரணமாகும்.

எதிர்ப்பக்கத்தையும் அதே அளவு கவனத்தோடு பார்க்கவேண்டும். எலும்புக்கு வெளியே மென்திசுவில் தோன்றும் எலும்புச் சார்கோமாவும் தொடையையே மிகுதியும் நாடுகிறது. அது பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோரிடம் வருகிறது, அதன் சுண்ணம் நடுவில் அடர்ந்து விளிம்பில் கரைகிறது. அடிபட்டதாகச் சொல்வதால் மட்டும் சார்கோமா விலக்கப்படாது, முன்பே இருந்த கட்டியை அடி கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். எலும்பின் வெளிப்புறத்தில் ஒட்டி வளரும் பரோஸ்டியல் ஆஸ்டியோசார்கோமா, எலும்போடு இணையும் அடிப்பகுதியில் மிக அடர்த்தியாக இருக்கும்; தசை எலும்பாக்கத்துக்கும் எலும்புக்கும் இடையிலோ பொதுவாக ஓர் இடைவெளி தெரியும், முதிர்ந்தபின் அதுவும் மூடிப்போகலாம். வளையத்தையும் கண்மூடி நம்புவதற்கில்லை: சினோவியல் சார்கோமாவில் சுண்ணம் பல வேளைகளில் ஓரத்திலேயே படிகிறது. அங்கே காணப்படுவது திட்டுத்திட்டான சுண்ணம். இங்கே கட்டியை முழுதாகச் சூழ்ந்து, உள்ளமைப்புக் கொண்ட எலும்பு. ஆறு எட்டு வாரங்களிலும் வளையம் தோன்றாமல் கட்டி பெருத்து வலியும் கூடுமானால் காத்திருப்பு முடிந்தது. சார்கோமா அறுவையில் தேர்ந்த மையத்தில் விளிம்பையும் நடுவையும் சேர்த்துத் திசு எடுத்து, காயத்தின் தேதியையும் படங்களையும் நோய்க்குறியியலர் கையில் கொடுத்தாக வேண்டும்.

ஆக்கர்மனின் கட்டுரையில் இன்னொரு கூற்றும் மறுவாசிப்புக்கு உரியது. இது புத்துவளர்ச்சிக் கட்டியே அல்ல என்பது அவர் நிலைப்பாடு. 2008இல் சுகோவும் அவர் குழுவினரும் இக்கட்டிகளுள் சிலவற்றில் யூ.எஸ்.பி.6 என்னும் மரபணு இடம் மாறியிருப்பதைக் கண்டனர். அவற்றை மென்திசுவில் உண்டாகும் அனியூரிஸ்மல் எலும்பு நீர்ப்பையின் தொடக்கநிலைகள் என்றே அவர்கள் விளக்கி, ஆக்கர்மனின் வகையைத் தொடாமல் விட்டனர். 2018இல் பெக்கர்ஸ் குழுவினரும் 2019இல் ஸ்வாய்ட்லர் குழுவினரும் தேர்ந்த மாதிரிகளிலும் அதே மாற்றத்தைக் காட்டிய பிறகு அவ்விளக்கம் போதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மென்திசுக் கட்டி வகைப்பாடு இதனைத் தீங்கற்ற நார்ச்செல் கட்டிகளின் குழுவில் வைத்திருக்கிறது. காயம் இம்மாற்றத்தை உண்டாக்குகிறதா, அன்றி மாறிய செல்களைத் தூண்டி வளர்க்கிறதா என்பது முடிவாகவில்லை. காயம் தெளிவாக உள்ளவையும் காயமே இல்லாதவையும் ஒரே நோய்தானா என்பதும் அப்படியே நிற்கிறது. நோயாளிக்குப் பயன்படும் அளவில் இவ்வளவு கூறலாம்: குறுகிய துணுக்கில் இந்த மரபணு மாற்றம் தென்பட்டால் எலும்புச் சார்கோமாவுக்கு எதிரான வலுவான சான்று அது, தென்படாவிட்டால் எதையும் அது மறுப்பதில்லை, நான்காம் வாரத்துச் சி.டி. படத்துக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.