நரம்புத் தளர்ச்சி: ஒரு நோய்ச்சொல்லின் பயணமும் நோயறிதற் பிழையும்

நோயின் பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயரும்போது அதன் பொருளும் பயனும் மாறிவிடுவதுண்டு. சீன மொழியில் 'ஷென்ஜிங் ஷுவாய்ருவோ' எனப்படும் நரம்புத் தளர்ச்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். உடல் நோவாக வெளிப்படும் துயரத்தை மேலைநாட்டு நோய்ப்பகுப்பு எவ்வாறு பிறழ உணரக்கூடும் என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

1869-இல் நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், களைப்பு, தலைவலி, தூக்கமின்மை முதலியவற்றை நரம்பாற்றல் குன்றியதன் விளைவாகக் கருதி, அந்நிலையை 'நியூராஸ்தீனியா' என்றழைத்தார். கிரேக்க வேர்களைக் கொண்ட இச்சொல் ஜப்பான் வழியாகச் சீனத்தை அடைந்தது. நரம்பைக் குறிக்கும் 'ஷின்கெய்' என்ற சொல் ஜப்பானில் முன்பே இருந்தது. 1774-இல் டச்சு மொழி உடற்கூற்று நூலொன்றைப் பெயர்த்த சுகிட்டா கென்பாகு குழுவினர், உயிர்ப்பாற்றலையும் அது ஓடும் நாடிகளையும் குறித்த பழஞ்சொற்களை இணைத்து அதனைப் படைத்தனர். ஆகவே நரம்புத் தளர்ச்சி என்ற புதிய பெயர், ஆற்றல் குறைவதே நோய் எனக் கொண்ட சீன மருத்துவ மரபில் எளிதாக வேரூன்றியது.

அமெரிக்காவிலோ அச்சொல் வழக்கொழிந்தது. 1980-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு அதனைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. அதே ஆண்டில் உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன், ஹூனான் மருத்துவக் கல்லூரியில் நரம்புத் தளர்ச்சி எனக் குறிக்கப்பட்ட 100 நோயாளிகளை அக்கையேட்டின் வரையறைப்படி ஆராய்ந்தார். அவர்களுள் 87 பேர் கடும் மனச்சோர்வு என்னும் வகைக்குள் அடங்கினர்.

சீன மருத்துவர்கள் மனச்சோர்வைத் தவறாகப் பெயரிட்டுவந்தனர் என்று இதனைக் கொண்டுவிடலாம். ஆனால் க்ளைன்மன் அங்கு நிற்கவில்லை. மனச்சோர்வுக்குரிய மருந்தால் பலருக்கு அறிகுறிகள் தணிந்தன. எனினும், தம் நோய் தீர்ந்தது என்று அவர்களுட் பலர் கருதவில்லை. பணியிடத்திலும் குடும்பத்திலும் இருந்த இடர்கள் அப்படியே நீடித்தன. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் (1966-76) மனச்சோர்வை வெளிப்படையாகக் கூறுவது அரசியல் ஐயத்திற்கு இடந்தந்தது. தலைவலிக்கு அத்தகைய இடரில்லை. அதனைக் காட்டி விடுப்போ பணிமாற்றமோ கோரவும் இயலும். ஆகவே உடற்குறை என்பது நோயின் அறிகுறி மட்டுமன்று. சொல்லத்தகாததைச் சொல்லும் வழியுமாகும். 'கடும் மனச்சோர்வு' என்ற பெயர் அறிகுறிகளைப் பிடித்தது. அவ்வழக்கின் பயனைத் தவறவிட்டது.

உணர்வுக்குச் சொல்லில்லாத மக்கள் உடலால் பேசுகின்றனர் என்பது இதற்கு எதிர்ப்புறத்துப் பிழை. நோயாளி ஒருவர் மார்பைத் தொட்டு 'மென்' என்கிறார் எனக் கொள்வோம். வாயிலுக்குள் இதயத்தை அடைத்தாற்போன்ற எழுத்துருவைக் கொண்ட இச்சொல், மார்பின் இறுக்கத்தையும் மனத்தின் புழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். 'மார்பு இறுக்கம்' எனப் பெயர்த்தால் மருத்துவர் இதயத்தை மட்டும் ஆய்வார். 'சோகம்' எனப் பெயர்த்தால் உடல் மறைந்துவிடும். தமிழில் 'நெஞ்சு' என்பதும் இவ்விரண்டையும் தாங்குவதால், 'நெஞ்சு அடைக்கிறது' என்பதைப் பெயர்ப்போர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இதய நோய் இல்லையென்று மருத்துவ ஆய்வால் தெளிதல் இன்றியமையாதது. ஆயினும் அத்தெளிவே விடையாகிவிடாது.

ஒரு பண்பாட்டில் உருவான நோய்வகையை மற்றொன்றிற்குப் பொருத்தி, பொருந்தியதாலேயே அது அங்கும் மெய்யெனக் கொள்வதை க்ளைன்மன் 1977-இல் 'வகைப்பாட்டுப் பிழை' என்றார். வினாப்படிவத்தைப் பெயர்த்து, அதனை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் முறையால் இப்பிழை அகலாது. சொற்கள் முழுதும் ஒத்திருந்தாலும், வினவப்படுவது அம்மக்கள் அறிந்த துன்பந்தானா என்பதை அவ்வொப்பீடு சோதிப்பதில்லை. இந்தியாவில் விந்திழப்பு பற்றி எழும் 'தாது' நோய்க்கு ஒரு படிவம் அமைத்து அமெரிக்கரிடம் வினவினால், அங்கும் அறிகுறிகள் உடையோர் சிலர் அகப்படுவர். அதனால் அந்நோய் அமெரிக்காவில் உண்டு என யாரும் கூறார்.

இதற்கு மாற்றாக, 1978-இல் க்ளைன்மனும் உடனாய்வாளரும் நோயாளியிடமே கேட்கத்தக்க வினாக்களை வகுத்தனர்: இத்துன்பத்தை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள்? எதனால் வந்தது? எதற்கு அஞ்சுகிறீர்கள்? அமெரிக்கக் கையேட்டின் 1994-ஆம் பதிப்பு பண்பாட்டு நோக்கிலான மதிப்பீட்டுக்கு ஒரு சட்டகம் தந்து, ஷென்ஜிங் ஷுவாய்ருவோவையும் பின்னிணைப்பில் சேர்த்தது. 2013-ஆம் பதிப்பு 16 வினாக்கள் கொண்ட நேர்காணலை வகுத்தது. இவற்றுள் முதல் வினாவுக்குரிய விடையைப் பெயர்ப்பவர், நோயாளியின் சொல்லை முதலில் அப்படியே பதிந்து, அதன் பொருட்பரப்பை அருகில் விளக்குதலே தகும். வகைப்பெயரை அதனிடத்தில் இட்டுவிட்டால், மருத்துவர் ஆராயவேண்டியதை மொழிபெயர்ப்பாளரே முடிவுசெய்துவிட்டவராவார்.