நிகழ்படப் பகுதி இணைப்பு

நிகழ்படப் பகுதி இணைப்பு என்பது இணையத்திலுள்ள ஒரு நிகழ்படத்தை (காணொளியை) குறிப்பிட்ட நொடியில் தொடங்கி, மற்றொரு நொடியில் நிறுத்தும்படி எழுதப்படும் முகவரி ஆகும். நீண்ட விரிவுரையின் ஒரு பகுதியை மட்டும் பிறருக்குக் காட்ட இது பயன்படுகிறது.

தொடக்க நேரம்

யூடியூப் தளம் 2008 ஆம் ஆண்டு அக்டோபரில் தொடக்க நேரத்தை முகவரியில் குறிக்கும் வசதியை அளித்தது. ஒரு விரிவுரையில் 12 நிமிடம் 40 நொடி முதல் 15 நிமிடம் 10 நொடி வரை தேவை எனக் கொள்வோம். நொடிகளில் இவை முறையே 760, 910 ஆகும். தொடக்கம் பின்வருமாறு குறிக்கப்படும்:

```
https://youtu.be/VIDEO_ID?t=760
```

தளத்தின் பகிர்வுப் பொத்தான் தரும் முகவரியில் பெரும்பாலும் `?si=` என்னும் பகுதி முன்னரே இருக்கும். அப்போது `&t=760` என்றே சேர்க்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குறி இட்டால், அது `si` என்பதன் மதிப்போடு கலந்துவிடும். நிகழ்படம் முதலிலிருந்து ஓடுவது இப்பிழையின் அடையாளம்.

முடிவு நேரம்

மேற்கண்ட முகவரியில் முடிவு நேரத்தைக் குறிக்க இயலாது. வேறொரு வலைப்பக்கத்தினுள் பதிக்கப்படும் இயக்கியே அதனை ஏற்கும்:

```
<iframe src="https://www.youtube.com/embed/VIDEO_ID?start=760&end=910"></iframe>
```

இங்கு `end` என்பது நிகழ்படத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. பகுதியின் நீளம் 150 நொடி என்பதால் `end=150` என எழுதுவது தவறு. அந்நேரம் தொடக்கப் புள்ளிக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. பதிக்கும் அனுமதியை நிகழ்படத்தின் உரிமையாளர் நீக்கியிருந்தால் இம்முறை பயன்படாது.

பொதுச் சீர்தரம்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2012 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஊடகத் துண்டு முகவரிக்கான சீர்தரத்தை வெளியிட்டது. நிகழ்படக் கோப்பை நேரடியாகச் சுட்டும் முகவரிகளுக்கு இது பொருந்தும்:

```
https://example.org/lecture.webm#t=760,910
```

`#` குறிக்குப் பின் உள்ள பகுதி வழங்கிக்கு அனுப்பப்படுவதில்லை. உலாவியே அதனைப் படித்து, 760 ஆம் நொடிக்குச் சென்று, 910 ஆம் நொடியில் இடைநிறுத்துகிறது. இதற்குக் கோப்பின் நடுப்பகுதியைத் தனியே தரும் திறன் வழங்கிக்கு வேண்டும். அத்திறன் உள்ள வழங்கி, பகுதிக் கோரிக்கைக்கு `206` என்னும் நிலைக்குறியுடன் விடையளிக்கும். முழுக் கோப்பையும் `200` என்னும் குறியுடன் அனுப்பும் வழங்கியில் நடுவிலிருந்து தொடங்குவது தாமதமாகலாம் அல்லது நிகழாமல் போகலாம்.

வரம்பு

இம்முறைகள் எதுவும் நிகழ்படத்தை வெட்டுவதில்லை. பார்ப்பவர் காலப்பட்டையை நகர்த்தி எஞ்சிய பகுதியையும் காணலாம். எனவே மறைக்க வேண்டிய பகுதி இருப்பின் கோப்பையே வெட்டி வெளியிட வேண்டும். மூல நிகழ்படம் நீக்கப்பட்டால் இணைப்பும் பயனற்றுப் போகும். உரிமையாளர் அதன் முற்பகுதியைப் பின்னர் வெட்டினால், முகவரியிலுள்ள அதே நொடிகள் வேறு காட்சியைச் சுட்டும்.