இருநிலை நேர்ப்பல் வேகக் குறைப்பி: பல்விகிதக் கணக்கு

இரண்டு இணைப் பற்சக்கரங்கள் வழியாக மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, அதன் முறுக்குவிசையைக் கூட்டும் கருவி இருநிலை வேகக் குறைப்பி. தரப்பட்ட வேகத்திலிருந்து வேண்டிய முறுக்குவிசையைப் பெறச் சக்கரங்களுக்கு எத்தனை பற்கள் வைப்பது என்பதே பல்விகிதக் கணக்கு.

வரலாறு: கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன், 5 தாலந்து விசையால் 1,000 தாலந்துப் பாரத்தைத் தூக்கும் பற்சக்கர அடுக்கை விவரித்தார். அடுக்கின் மொத்த விகிதம் 200. விசை பெருகுமளவுக்கு வேகம் குறையும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர், பற்களுக்கு இன்வல்யூட் வளைவை ஆராய்ந்தார். அந்த வடிவில் விகிதம் சுற்று முழுதும் மாறாமல் நிற்கும். 1892இல் வில்ஃபிரட் லூயிஸ், பல்லின் அடியில் ஏற்படும் வளைவுத் தகைவைக் கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தார். அதன்பின் விகிதத்தோடு பல்லின் வலிமையையும் சேர்த்தே கணக்கிட முடிந்தது.

கணக்கிடும் முறை: 1.5 கிலோவாட் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுழல்கிறது. வெளித்தண்டில் 140 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று கொள்வோம். மோட்டாரின் முறுக்குவிசை:

T = 9550 × 1.5 / 1440 = 9.95

ஒவ்வொரு நிலையிலும் 3 விழுக்காடு உராய்வில் போகிறது என்று எடுத்தால் மொத்தப் பயன்திறன் 0.94. ஆகவே தேவையான விகிதம்:

i = 140 / (9.95 × 0.94) ≈ 15

இதைச் சமமாகப் பிரித்தால் நிலைக்கு 3.87 வரும். முறுக்குவிசை குறைவாக உள்ள முதல் நிலைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால், பாரம் மிகுந்த இரண்டாம் நிலையின் பெரிய சக்கரம் சிறிதாகும். முதல் நிலைக்கு 20, 83 பற்களும் இரண்டாம் நிலைக்கு 21, 76 பற்களும் வைத்தால் விகிதங்கள் 4.15, 3.62, பெருக்கினால் 15.02. வெளித்தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 96 முறை சுழலும், முறுக்குவிசை 140.6 கிடைக்கும்.

இரு இணைகளிலும் பல் எண்களுக்குப் பொது வகுஎண் இல்லை. அதனால் ஒரே இரு பற்கள் அடிக்கடி சந்திக்காமல் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவும். 20 பாகை அழுத்தக் கோணத்தில் பினியனின் பற்கள் 17க்குக் கீழே போனால், வெட்டும்போதே பல்லின் அடி அரிபட்டு மெலிந்துவிடும்.

எல்லைகள்: இடைத்தண்டிலேயே முறுக்குவிசை 40 நியூட்டன் மீட்டராகிவிடுவதால், இரண்டாம் நிலைக்குப் பெரிய மாட்யூல் தேவை. அது சிறிதாக இருந்தால் அந்தப் பினியனின் பல் முகத்தில் குழிகள் விழும். அல்லது பல் அடியோடு முறியும். வெளித்தண்டின் வேகமும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் விகிதத்தை மாற்ற இடமில்லை. உதாரணமாக, அதே 140 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 144 சுற்றில் கேட்டால் 2.1 கிலோவாட் வெளியே வர வேண்டும். அதற்கு மோட்டாரைத்தான் பெரிதாக்க வேண்டும்.