வளைந்த ஆணி: கவிதையில் உணர்ச்சியும் மிகையுணர்ச்சியும்

1. அளவுகோல்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைச் சொல்கிறது. கண்ணீரை விட்டுவிட்டு அதன் காரணத்தைத்தான் அது வகைப்படுத்துகிறது. ஒரு கவிதை அந்தக் களத்தைக் கண்முன் நிறுத்துகிறதா, களத்தைக் காட்டாமல் அழுகையை மட்டும் கேட்கிறதா என்பதே என் முதல் கேள்வி. விடையைப் பாட்டின் சொற்களிலிருந்தே எடுக்க வேண்டும்.

2. புறநானூறு 112

பாரி மகளிர் பாடியதாக வழங்கும் இந்தப் பாட்டு ஐந்தே அடி. அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் பிறர் கையில் இல்லை. இன்றைய நிலவில் குன்று போயிற்று, தந்தையும் இல்லை. வரிசையைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் தந்தை முதலில், குன்று பிறகு. இறுதியில் குன்று முந்திக்கொள்கிறது, தந்தை கடைசிக்குப் போகிறார். பழைய வரிசையே தொடர்ந்திருந்தால் பாட்டு நில இழப்போடு முடிந்திருக்கும். இப்போது தந்தையின் இன்மையில் முடிகிறது. அந்த இடமாற்றம்தான் துயரத்தின் சான்று.

3. கொடுங்கையூரில் ஒரு சோதனை

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இரும்பு பொறுக்கும் ஒரு சிறுமியைப் பற்றி, ஒப்பிடுவதற்காக நானே இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் வடிவம்:
குப்பையில் கருகிய மலரே,
உனக்காக வானமும் அழுகிறதே,
ஐயோ, என் நெஞ்சு வெடிக்கிறதே!

இரண்டாவது:
காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாம்பலில் இழுக்கிறாள்.
ஒட்டிய ஆணிகளை டப்பாவில் போடுகிறாள்.
வளைந்த ஒன்றைக் கல்லில் தட்டி நிமிர்த்துகிறாள்.

முதல் வடிவத்தின் வினைகளைப் பாருங்கள். வானம் அழுகிறது, நெஞ்சு வெடிக்கிறது; சிறுமிக்குக் கருகுவதைத் தவிர வேலையே இல்லை. 'மலர்' என்ற சொல் அவள் முகத்தை மறைத்துவிடுகிறது. மூன்றாம் அடியில் நாம் பார்ப்பது எழுதியவனின் நெஞ்சை. குப்பை என்ற சொல்லை எடுத்துவிட்டு எந்தத் துயரத்தையும் அங்கே வைக்கலாம், பாட்டு அசையாது.

இரண்டாவதில் எல்லா முற்றுவினைகளும் அவளுடையவை. காயலான் கடையில் இரும்பு எடைக்குத்தான் போகும். வளைந்த ஆணிக்கும் நேரான ஆணிக்கும் ஒரே விலை. ஆகவே அந்த நிமிர்த்தலால் அவளுக்குக் காசு கூடப்போவதில்லை. பிறகு ஏன் நிமிர்த்துகிறாள்? கவிதை சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

4. வரம்பு

கண்ணீர்ச் சொற்களை எண்ணித் தீர்ப்பு எழுத முடியாது. ஒப்பாரி வாய்விட்டே அழுகிறது; ஆனாலும் இறந்தவர் உட்கார்ந்த திண்ணையையும் வாங்கி வந்த பண்டத்தையும் பேர் சொல்லி அழுகிறது. அங்கே 'ஐயோ' பொருந்துகிறது. அடக்கமும் தன்னளவில் சான்று ஆகாது. வெறும் வறட்சியும் அடக்கம்போலத் தோன்றும். ஆணியை நிமிர்த்தும் அடி இல்லாவிட்டால் இரண்டாவது வடிவம் ஒரு வேலைக் குறிப்புதான். அதன்பின் 'பிஞ்சுக் கைக்கு எத்தனை பாரம்' என்று நான்காம் அடி சேர்த்திருந்தால், அவள் நிமிர்த்திய ஆணியை நானே மறுபடி வளைத்திருப்பேன்.