மெட்ஃபார்மினும் உயிர்ச்சத்து பி12 குறைபாடும்

மெட்ஃபார்மின் இரண்டாம் வகை நீரிழிவுக்கு உலகெங்கும் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரை. இதைப் பல ஆண்டுகள் உட்கொள்வோரில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் உயிர்ச்சத்து பி12 அளவு குறைகிறது. இந்தக் குறைபாடு, நீரிழிவே உண்டாக்கும் நரம்புப் பாதிப்பைப் போன்ற அறிகுறிகளைத் தருவதால் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை.

குறைபாடு உண்டாகும் விதம்

உணவிலுள்ள பி12, இரைப்பையில் சுரக்கும் ‘உள்ளார்ந்த காரணி’ என்னும் புரதத்துடன் சேர்ந்து சிறுகுடலின் கடைப்பகுதியை அடைகிறது. அங்குள்ள செல்கள் இந்தச் சேர்மத்தைப் பற்றி உள்ளிழுக்கக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் இந்தக் கால்சியத்தின் செயலைத் தடுப்பதே முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. இம்மாத்திரை எடுத்தவர்களுக்குக் கால்சியம் கொடுத்தபோது பி12 உறிஞ்சப்படுவது மேம்பட்டதாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது.

உடலின் பி12 இருப்பு சில மில்லிகிராம். பெரும்பகுதி கல்லீரலில் இருக்கிறது. அன்றாடச் செலவு சில மைக்ரோகிராம் மட்டுமே. அதனால் உறிஞ்சுதல் குறைந்தாலும் இருப்பு கரையப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை தொடங்கிய புதிதில் எல்லாம் சரியாக இருந்தது என்பது பிற்காலத்துக்கு உறுதி ஆகாது.

ஆய்வுச் சான்றுகள்

நெதர்லாந்தில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 390 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நாளொன்றுக்கு 850 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை, சுமார் 4.3 ஆண்டுகள் எடுத்தவர்களுக்கு, போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில் பி12 அளவு 19 விழுக்காடு குறைந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இந்தக் குறைபாட்டை மெட்ஃபார்மினின் ‘பொதுவான’ பக்கவிளைவு என வகைப்படுத்தியது. மருந்தின் அளவும் எடுத்த காலமும் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

இனங்காணல்

நீரிழிவு நரம்புப் பாதிப்பும் பி12 குறைபாடும் இரண்டுமே பாதங்களில் மதமதப்பையும் எரிச்சலையும் தரும். பி12 குறைபாடு தண்டுவடத்தின் பின்பகுதியையும் தாக்கக்கூடியது. அப்போது அதிர்வுணர்வும் கால்கள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வும் மங்கும். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவது இதன் ஓர் அடையாளம். நாக்கு வழவழப்பாகிச் சிவப்பதும், நினைவு மங்குவதும், சோர்வும் உண்டாகலாம்.

ஒரு மாதிரி நோயாளியைக் கொள்வோம். வயது 58, சைவ உணவுக்காரர். ஒன்பது ஆண்டுகளாக நாளுக்கு 2 கிராம் மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்கு நெடுநாளாகப் பான்டோபிரசோல். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் விளைவென்றே எண்ணியிருக்கிறார். இரத்தச் சிவப்பணுக்களின் அளவு இயல்பாக இருக்கிறது. பி12 குறைந்தால் அவை பெரிதாகும். ஆனால் உடன் இரும்புச்சத்துக் குறைவும் இருந்தால் அவை சிறுத்து, சராசரி இயல்பாகத் தெரியும். இரத்தசோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு. எனவே பி12 அளவை நேரடியாகப் பார்க்கவேண்டும். அது மில்லிலிட்டருக்கு 168 பைக்கோகிராம் என்று வந்தால் ஐயம் தீர்ந்தது.

பொதுவாக 200க்குக் கீழ் என்பது குறைபாடு. 200 முதல் 300 வரை ஐயத்திற்குரிய எல்லை. அங்கே மெத்தில்மலோனிக் அமிலச் சோதனை உதவும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடம் இந்த அமிலம் பி12 சரியாக இருந்தாலும் உயரும் என்பது அதன் குறை. நரம்புக்கென்று கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் மெத்தில்கோபாலமின் இருப்பதால், அவற்றைத் தொடங்கும் முன்பே இரத்தம் கொடுப்பது நல்லது.

யாருக்குச் சோதனை

நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுப்போர், கூடுதல் அளவு எடுப்போர், சைவ உணவினர், முதியோர், அமிலத் தடுப்பு மாத்திரை எடுப்போர், இரைப்பை அல்லது குடல் அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கு ஆண்டுக்கொருமுறை பார்ப்பது பல மருத்துவர்களின் வழக்கம். இரத்தசோகையோ நரம்பு அறிகுறியோ தோன்றினால் உடனே பார்க்கவேண்டும். வேறு மருந்துடன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளிலும் மெட்ஃபார்மின் இருக்கும் என்பதால் அட்டையிலுள்ள மருந்துப் பெயர்களைப் பார்த்துக் கணக்கிடவேண்டும்.

சிகிச்சை

நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்குப் பொதுவாக ஊசியில் தொடங்குவர். மற்றவர்களுக்கு நாளுக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். அதில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு, உள்ளார்ந்த காரணியின் துணையின்றியே குடலில் ஊடுருவும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தேறும். நரம்புச் சிதைவு தொடரும். நெடுநாள் முற்றிய நரம்புப் பாதிப்பு முழுமையாக மீளாமல் போகலாம். குறைபாடு இருப்பதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. பி12ஐ ஈடுசெய்துகொண்டு அதைத் தொடரலாம்.