பி.எஃப்., பணிக்கொடைக் கணக்குச் சரிபார்ப்பு

வேலையை விட்டு வரும் தொழிலாளியின் கையில் கொடுக்கப்படும் பி.எஃப். கணக்கையும் பணிக்கொடைக் கணக்கையும் மூன்று இடங்களில் தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு பணி, எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கு, முதலாளி போட்ட பங்கு எவ்வளவு என்பவையே அவை. இந்தியாவில் இந்த மூன்றுக்கும் இன்று விடை சொல்லும் விதிகள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் வழக்காடியும் திருத்தம் கண்டும் உருவானது.

1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1952-இல் நாடாளுமன்றச் சட்டமானது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களே முதலில் அதற்குள் வந்தன. தொழிலாளி நூற்றுக்கு ஆறேகால் ரூபாய் போட, முதலாளியும் அதே அளவு போட வேண்டும் என்பது தொடக்க விதி. அந்த விகிதம் படிப்படியாக உயர்ந்து 1997-இல் 12 சதவீதமானது. கட்டாயப் பங்களிப்புக்கான சம்பள வரம்பும் 300 ரூபாயில் தொடங்கி, 2001-இல் 6,500 ஆகி, 2014 செப்டம்பரில் 15,000 ஆனது.

நிதி வந்து பல பத்தாண்டுகள் வரை தொழிலாளி தன் கணக்கைத் தானே பார்க்க வழியில்லை. ஆண்டுக்கொரு சீட்டு, அதுவும் கம்பெனி வழியாகவே, பல மாதம் கழித்து வரும். மாதாமாதம் என்ன கட்டப்பட்டது என்பது முதலாளி அனுப்பிய 3ஏ படிவத்தில்தான் இருந்தது. பிடித்தம் செய்த பணத்தைக் கட்டாமல் விட்டவர்கள் தப்பிக்க இந்த இடைவெளி பெரிதும் உதவியது. 2012-இல் மின்னணுச் செலுத்துச்சீட்டு முறையும், 2014-இல் ஒருவருக்கு ஒரே எண் என்ற யுஏஎன் முறையும் வந்தபின், மாத வரவைத் தொழிலாளியே இணையப் பாஸ்புக்கில் காண முடிந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்தும் அந்தத் தேதி கடந்து பல வாரமாகியும் வரவு இல்லையென்றால், அது கேட்கப்பட வேண்டிய பாக்கி. விலக்குப் பெற்று, சொந்த அறக்கட்டளை வழியாக நிதி நடத்தும் பெரிய நிறுவனங்களில் மட்டும் இந்தப் பாஸ்புக் முழுப் படத்தைக் காட்டாது. அங்கே அறக்கட்டளையின் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாஸ்புக்கைப் பார்ப்பவர்களை மிகுதியும் குழப்புவது முதலாளி பங்குதான். தன் பங்கு 1,800 ரூபாய், முதலாளி பங்கு 550 மட்டும் என்று கண்டு, ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோர் பலர். 1995 நவம்பரில் ஓய்வூதியத் திட்டம் வந்ததிலிருந்து முதலாளி பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. 15,000 வரம்பின்படி அது மாதம் 1,250 ரூபாய். மீதி 550 மட்டுமே வைப்பு நிதியில் சேரும். இரண்டையும் கூட்டினால் 1,800 வர வேண்டும். வந்தால் கணக்கு சரி, வராவிட்டால்தான் கேள்வி. ஓய்வூதியப் பத்திக்குத் தனியாக வட்டி ஏறாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பது திட்டத்தின் தெளிவான விதி.

சம்பள அடிப்படைதான் நெடுங்காலம் சண்டை நடந்த இடம். சட்டம் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கணக்கில் எடுத்தது. வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம், போனஸ் போன்றவற்றை விலக்கியது. இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு பல நிறுவனங்கள் சம்பளத்தைச் சிறு பேசிக்காகவும் பெரிய 'சிறப்புப் படி'யாகவும் உடைத்தன. எல்லோருக்கும் ஒரே சீராகத் தரப்படும் படி, பெயர் எதுவானாலும், அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசிக் 9,000, சிறப்புப் படி 5,000 என்றிருக்கும் ஒருவருக்கு 14,000-த்தின் மேல் பி.எஃப். கட்டப்பட வேண்டும். பேசிக் ஏற்கெனவே 15,000-த்தைத் தாண்டியவருக்கு, வரம்போடு நிறுத்திக்கொள்ளும் முதலாளியிடமிருந்து இந்தத் தீர்ப்பால் கூடுதல் கிடைக்காது.

பணிக்கொடையின் வரலாறு வேறு. முதலில் அது முதலாளி மனமுவந்து தரும் வெகுமதி. பிறகு தொழில் தீர்ப்பாயங்கள் வழங்கிய உரிமை. கேரளம் 1970-லும் மேற்கு வங்கம் 1971-லும் தனிச் சட்டம் செய்தன. அவற்றை அடுத்து வந்த மத்தியச் சட்டம் 1972 செப்டம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சம்பளம் என்றது சட்டம். ஆனால் ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்ததா, 26-ஆல் வகுத்ததா? வார ஓய்வு போக மாதத்தில் 26 வேலை நாள் என்ற வாதத்தை 1980-இல் திக்விஜய் ஊலன் மில்ஸ் வழக்கிலும் 1984-இல் ஜீவன்லால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1987 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

ஒரு நூற்பாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 2012 ஜூன் 10-இல் சேர்ந்து 2024 ஜனவரி 20-இல் விலகுகிறார். கடைசியாக வாங்கிய பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 ரூபாய். பணிக்காலம் 11 ஆண்டு 7 மாதம் சொச்சம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகும் என்பதால் 12 ஆண்டு. 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 12-ஆலும் பெருக்கினால் 1,24,615 ரூபாய். செட்டில்மென்ட் தாளில் 99,000 என்றிருந்தால் இரண்டு தவறுகள் ஒன்றாக நடந்திருக்கின்றன: 30-ஆல் வகுத்திருக்கிறார்கள், மாதங்களை விட்டு 11 ஆண்டாகக் குறைத்திருக்கிறார்கள். 25,615 ரூபாய் குறைவு இப்படித்தான் வருகிறது.

ஆறு மாதத்தை ஓராண்டாக்கும் இந்த விதி தொகையைக் கணக்கிட மட்டுமே. பணிக்கொடைக்குத் தேவையான ஐந்தாண்டுத் தகுதியை எட்ட உதவாது. அங்கே வேறொரு கணக்கு உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தால் ஓராண்டுத் தொடர் பணி என்கிறது சட்டம். சம்பளத்துடன் எடுத்த விடுப்பும், வேலையில் பட்ட காயத்தால் வராத நாட்களும், சட்ட வரம்புக்குட்பட்ட பேறுகால விடுப்பும் அதில் சேரும். இதை வைத்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாளைக் கடந்தவருக்கும் உரிமையுண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா நிறுவனமும் இதைத் தானாக ஏற்பதில்லை. வருகைப் பதிவும் பே ஸ்லிப்களும் கையிலிருந்தால்தான் வாதாட முடியும்.

பணி ஆண்டுகள் மறைவதற்கு வழக்கமான காரணம், நடுவில் ஒப்பந்தக்காரர் பெயருக்கு மாற்றி மீண்டும் சேர்த்துக்கொள்வது. பணிக்கொடைத் தாளில் சேர்ந்த தேதி பிந்தியிருந்தால், பி.எஃப். பாஸ்புக்கில் அதே நிறுவனத்தின் பழைய வரவுகளே சாட்சி. அந்த வகையில் ஒரு கணக்கைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கலாம்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் ஊதிய வரையறையை மாற்றியுள்ளன. விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெறலாம்.

பணிக்கொடையை, அது உரியதான நாளிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் தனி வட்டி உண்டு. குறைத்துத் தந்தால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.