மேல்கோட்டை பயணத்துக்கு முன் காய்ச்சலா? டிக்கெட் பணம் எவ்வளவு திரும்பும்?

வைரமுடி உற்சவத்துக்காக மேல்கோட்டை செல்ல சென்னை–பெங்களூரு விமான டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். முதல் நாள் காய்ச்சல். என்ன செய்யலாம்?

விமானம் கிளம்பும் முன்பே கேன்சல் செய்துவிடுங்கள். டிக்கெட் ரூ.4,500, அதில் வரி, விமான நிலையக் கட்டணம் ரூ.900 என வைத்துக்கொள்வோம். சலுகை டிக்கெட்டாக இருந்தாலும் அந்த 900 திரும்ப வரணும். இது டிஜிசிஏ விதி. மீதி 3,600-க்கு மேல் கேன்சல் கட்டணம் பிடிக்க முடியாது.

அந்த 3,600-ல் சலுகை கேட்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். நோய், பயணம் கூடாத தேதிகள், டாக்டரின் பதிவு எண் அதில் இருக்கணும். விமான நிறுவனம் பணமாகவோ, அடுத்த பயணத்துக்கான வரவாகவோ தரலாம், மறுக்கவும் செய்யலாம்.

அப்படி மறுத்தால், அந்தக் கடிதத்தோடு இன்சூரன்ஸில் கேளுங்கள். பல பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் தரும். வீட்டில் படுத்த காய்ச்சலுக்குக் கிடைக்காது.